ஒரு கிலோவுக்கு எவ்வளவு வெங்காயம், எவ்வளவு தக்காளி: கணக்கை வதக்கிய பிறகு பாருங்கள்

"மூன்று பெரிய வெங்காயம், இரண்டு தக்காளி, ஒரு ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது" என்று எழுதியிருக்கும் குறிப்பை வைத்து அரை கிலோ, முக்கால் கிலோ கறி வரைக்கும் சமாளித்துவிடலாம். அதற்கு மேல் போனால் கை நடுங்க ஆரம்பிக்கும். ஒரு வெங்காயம் 70 கிராமும் இருக்கும், 200 கிராமும் இருக்கும். மூன்று வெங்காயம் என்றால் 210 கிராமா, 600 கிராமா? எழுதியவருக்கே தெரியாது. அதனால் எங்கள் வீட்டில் யார் போன் பண்ணி "இத்தனை கிலோ கறி இருக்கு, எத்தனை வெங்காயம் உரிக்கட்டும்?" என்று கேட்டாலும் நான் எண்ணிக்கையில் பதில் சொல்வதில்லை. எடைதான். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பத்தில் பாதி அன்றைக்கே தீரும்.

மீதிப் பாதி எப்படித் தீரும் என்பதுதான் இங்கே எழுத வந்தது. எடை போட்டு, விகிதப்படி பெருக்கி, எல்லாம் சரியாகப் போட்டும் ஆறு கிலோ, எட்டு கிலோ சமைக்கும்போது குழம்பு தண்ணியாக, பச்சை வாசனையோடு நிற்கிறதே, அது ஏன் என்பது ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவில்லை.

முதலில் அடிப்படைக் கணக்கு. கறியை நூறு என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நூற்றுக்கு இவ்வளவு என்று நினைவில் வைப்பதுதான் எனக்கு வசதி. எலும்போடு வெட்டிய கோழிக்கு 100, வெங்காயம் 40, தக்காளி 25, இஞ்சி பூண்டு விழுது 6, எண்ணெய் 8. அதாவது ஒரு கிலோ கோழிக்கு 400 கிராம் வெங்காயம், 250 கிராம் தக்காளி, 60 கிராம் விழுது, 80 கிராம் எண்ணெய். ஒன்றரை கிலோ என்றால் ஒன்றரையால் பெருக்குங்கள்: 600, 375, 90, 120. 700 கிராம் என்றால் 280, 175, 42, 56. சோற்றுக்கும் சப்பாத்திக்கும் பொதுவாகப் பொருந்தும் நடுத்தர கெட்டி இதில் வரும். உங்கள் வீட்டில் இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் வெங்காயத்தை 50 வரைக்கும் ஏற்றலாம். அதற்கு மேல் போனால் குழம்பு இனிக்கத் தொடங்கும், அப்புறம் எவ்வளவு மிளகாய்த் தூள் போட்டாலும் அந்த இனிப்பு அடியில் தெரியும்.

இதில் வெங்காயம் என்று நான் சொல்வது உரித்து, தலையும் வாலும் நறுக்கிப் போட்ட பிறகு உள்ள எடை. பெரிய வெங்காயத்தில் உரிக்கும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும், மேல்தோல் அழுகியிருந்தால் இன்னும் கூடுதலாகப் போகும். சின்ன வெங்காயத்தில் தோலாகப் போவது அதைவிட அதிகம். ஆனால் அதில் தண்ணீர் குறைவு, அதனால் அதே எடைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கெட்டி கொடுக்கும். 40-க்குப் பதில் 35 போட்டாலும் போதும்.

விழுதில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுவார்கள். 60 கிராம் விழுது என்று நான் சொல்லும்போது தண்ணீர் விடாமல், அல்லது ஒரு ஸ்பூன் எண்ணெய் மட்டும் விட்டு அரைத்த விழுது என்று அர்த்தம்: தோல் சீவிய இஞ்சி 25 கிராம், உரித்த பூண்டு 35 கிராம். மிக்ஸி சுற்றவில்லை என்று அரை டம்ளர் தண்ணீரை ஊற்றி அரைத்த விழுதில் 60 கிராம் எடுத்தால் உள்ளே இஞ்சியும் பூண்டும் 35 கிராம்கூட இருக்காது. இன்னொன்று, அந்தத் தண்ணீர் எண்ணெயில் விழுந்ததும் வெடித்துத் தெறிக்கும், விழுது வதங்குவதற்குப் பதில் வேக ஆரம்பிக்கும். கடையில் பாட்டிலில் வரும் விழுதில் உப்பும் புளிப்புக்கான பொருளும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும், அதைப் போட்டால் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். என் பழக்கம், விழுதை எடை போடாமல் இஞ்சியையும் பூண்டையும் அரைப்பதற்கு முன்பே எடை போட்டுவிடுவது. அப்புறம் எவ்வளவு தண்ணீர் விட்டு அரைத்தாலும் கணக்கு மாறாது, வதக்கும் நேரம்தான் கூடும்.

ஆட்டுக்கறிக்கு வந்தால் இந்த எண்கள் கொஞ்சம் நகரும். 100-க்கு வெங்காயம் 45, தக்காளி 20, விழுது 8. அதில் வாடை அதிகம், வேகும் நேரமும் அதிகம், அதனால் இஞ்சியும் பூண்டும் கூடுகிறது. தக்காளி குறைவதற்குக் காரணம், பெரும்பாலும் குக்கரில் மூடி வேக வைக்கிறோம், தண்ணீர் வெளியே போக வழியில்லை. எலும்பிலிருந்தும் சவ்விலிருந்தும் இறங்கும் பசை குழம்பைத் தானே கெட்டியாக்கிவிடும் என்பதால் தக்காளி அங்கே புளிப்புக்கு மட்டும்தான்.

காய்கறிக்கு ஒரே எண் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு காயும் குழம்புக்குள் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். பொதுவாக 100-க்கு 30, 30, 3 என்று ஆரம்பிக்கலாம். விழுது பாதியாகிவிடுகிறது, காரணம் அடக்க வேண்டிய வாடை எதுவும் காயில் இல்லை. உருளைக்கிழங்கு மாவு விட்டுக் குழம்பைக் கெட்டியாக்கும், அதனால் வெங்காயம் 30-ஏ தாராளம். காலிஃபிளவர், பட்டாணி எதுவும் விடாது, 35-35 வேண்டும். காளான் நேர் எதிர்: ஒரு கிலோ போட்டால் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சுருங்கிப் போகும். முழு எடைக்குக் கணக்குப் போட்டு மசாலா செய்தால் மசாலாவில் காளானைத் தேட வேண்டியிருக்கும். பனீர் சுருங்காது, ருசியும் விடாது, அதற்குக் குழம்புதான் எல்லாமே. அதனால் வெங்காயம் 50, தக்காளி 60, விழுது 4 வரைக்கும் போகலாம்.

எல்லாக் காய்க்கும் பொதுவான ஒரு விஷயம்: கணக்கு நறுக்கிய காயின் எடைக்கு, வாங்கிய எடைக்கு இல்லை. தோலோடு வாங்கிய ஒரு கிலோ பச்சைப் பட்டாணியை உரித்தால் கையில் வருவது பாதிகூட இல்லை. காலிஃபிளவரில் இலையும் தண்டும் போக மிஞ்சுவதும் அப்படித்தான் ஏமாற்றும். ஒரு கிலோ வாங்கினோமே என்று 350 கிராம் வெங்காயம் வதக்கிவிட்டு, அதில் 600 கிராம் பூவைப் போட்டால் அது குழம்பு இல்லை, தொக்கு.

உருளைக்கிழங்கு போட்ட குழம்பில் இன்னொரு சிக்கல் உண்டு. தக்காளியின் புளிப்பில் கிழங்கு வேக நேரமெடுக்கும், ஓரம் விறைத்துக்கொண்டு நிற்கும். சிறு அளவில் இது தெரியாது. ஐந்து கிலோ கிழங்கைத் தக்காளி மசாலாவில் பச்சையாகப் போட்டு வேகவிட்டால் மேலே உள்ளது வேகாமலும் அடியில் உள்ளது பிடித்தும் போகும். முக்கால் பதம் தனியாக வேக வைத்து, அப்புறம் மசாலாவில் சேர்ப்பதுதான் வழி.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன விகிதங்களை வைத்து ஒரு கிலோவும் இரண்டு கிலோவும் நன்றாகவே வரும். ஆறு கிலோவுக்குப் பெருக்கினால் அதே ருசி வராது. அதற்கு ஊரெல்லாம் ஒரு வைத்தியம் சொல்வார்கள்: அதிகமாகச் செய்யும்போது தக்காளியைக் குறைத்துப் போடு, விழுதைக் குறைத்துப் போடு என்று. நானும் அப்படிக் குறைத்துப் பார்த்திருக்கிறேன். குழம்பு கெட்டியாகும், ஆனால் ருசி மொட்டையாக இருக்கும். புளிப்பு போதாது, பூண்டு வாசனை எங்கேயோ தூரத்தில் இருக்கும்.

பிறகுதான் ஒரு கிலோ குழம்பு செய்யும்போதே வாணலியோடு எடை போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். வெறும் வாணலியின் எடையை முதலில் குறித்துக்கொண்டேன். உள்ளே போனது வெங்காயம் 400, தக்காளி 250, விழுது 60, எண்ணெய் 80, ஆக மொத்தம் 790 கிராம். வெங்காயம் பொன்னிறமாகி, விழுதின் பச்சை வாசனை போய், தக்காளி கரைந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்ற நேரத்தில் அடுப்பை அணைத்து எடை போட்டால், வாணலி போக 400 கிராமை ஒட்டி நிற்கிறது. கிட்டத்தட்ட பாதி. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், தக்காளியில் அதைவிட அதிகம். நாம் வதக்குவது என்று சொல்வது பெரும்பாலும் அந்தத் தண்ணீரை வெளியேற்றும் வேலைதான். போன 390 கிராமும் ஆவியாகப் போன தண்ணீர்.

ஆக ஒரு கிலோ கோழிக்கு உண்மையான அளவு 400 கிராம் வெங்காயம் என்பதைவிட, 400 கிராம் வதங்கிய மசாலா என்பதே சரி. பச்சைப் பொருளின் விகிதம் அங்கே போய்ச் சேரும் வழி. சிறிய அளவில் கண்ணாலேயே அந்த இடத்துக்குப் போய்விடுகிறோம், பெரிய அளவில் போவதில்லை.

ஏன் போவதில்லை என்றால், ஆவி போவது மேல்பரப்பு வழியாக. அதே வடிவத்தில் ஆறு மடங்கு பெரிய பாத்திரம் எடுத்தால் உள்ளே பிடிப்பது ஆறு மடங்கு, ஆனால் வாயின் பரப்பு மூன்று மடங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அகலமான வாணலியில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு இருந்த வெங்காயம் பெரிய அண்டாவில் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். அடியில் உள்ளது சூடாகித் தண்ணீர் விடும், அந்த ஆவி மேலே உள்ள வெங்காயத்தைத்தான் வேக வைக்கும். கிளறக் கிளற வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும், துவளும், ஆனால் நிறம் மாறாது. நாற்பது நிமிடம் நின்று கிளறியவருக்குக் கை வலிக்கும், "வதங்கிருச்சு, தக்காளியைப் போடலாம்" என்று தோன்றும். அங்கேதான் தவறுகிறது. அந்த நேரத்தில் எடை போட்டால் போட்டதில் பாதி இல்லை, முக்கால் பங்கு அப்படியே இருக்கும். அதன் மேல் ஒன்றரை கிலோ தக்காளி விழுந்தால் அதுவும் தண்ணீராகவே நிற்கும். குழம்பு தண்ணியாவதற்குத் தக்காளி அதிகமானது காரணம் இல்லை, தக்காளித் தண்ணீர் வற்றாததுதான் காரணம். தக்காளியைக் குறைத்தால் தண்ணீரோடு சேர்த்துப் புளிப்பையும் குறைத்துவிடுகிறோம்.

இதை நான் முழுசாகக் கடைப்பிடித்தது வீட்டு விசேஷம் ஒன்றுக்கு ஆறு கிலோ கோழி செய்தபோது. பெரியம்மா பெரிய அண்டாவை எடுத்து வைத்துவிட்டார். "ஒரே தடவையில எல்லாத்தையும் போட்டு வதக்கிடலாம்பா, எதுக்கு ரெண்டு அடுப்பு?" என்றார். "பெரியம்மா, குழம்பு அண்டாவுலதான் கொதிக்கப் போகுது, வதக்குறது மட்டும் தனித்தனியா இருக்கட்டும்" என்று சொல்லி, இருந்ததிலேயே அகலமான இரண்டு வாணலிகளை இரண்டு அடுப்பில் வைத்தேன். அவருக்கு அவ்வளவு சம்மதம் இல்லை. பாத்திரம் தேய்க்கப் போவது யார் என்ற கேள்வியும் அதில் இருந்தது.

கணக்கு இப்படி. உரித்த வெங்காயம் 2 கிலோ 400 கிராம், அதற்காக வாங்கியது 2 கிலோ 700. தக்காளி 1 கிலோ 500. இஞ்சி 150, பூண்டு 210, சேர்ந்து 360 கிராம் விழுது. இது மூன்றும் நேராக ஆறால் பெருக்கியது, எதையும் குறைக்கவில்லை. எண்ணெயை மட்டும் குறைத்தேன். ஆறால் பெருக்கினால் 480 வரும், போட்டது 350. எண்ணெயின் வேலையில் ஒரு பங்கு வாணலியின் அடியை மூடி ஒட்டாமல் பார்ப்பது. அடிப்பரப்பு ஆறு மடங்கு ஆகவில்லை, எண்ணெயும் அவ்வளவு தேவைப்படவில்லை. 480-ஐயும் ஊற்றியிருந்தால் கடைசியில் குழம்பின் மேல் அரை விரல் உயரத்துக்கு எண்ணெய் மிதந்திருக்கும். ஆக உள்ளே போனது மொத்தம் 4 கிலோ 610 கிராம். வதங்கி முடியும்போது 2 கிலோ 300 கிராம் இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.

வாணலிக்கு 1 கிலோ 200 வெங்காயம். முழுத் தீயில், போடும்போதே உப்பில் கொஞ்சம் தூவிவிட்டேன். உப்பு வெங்காயத்திலிருந்து தண்ணீரைச் சீக்கிரம் வெளியே இழுக்கும், அந்தத் தண்ணீர் முதல் பத்து நிமிடத்திலேயே போய்விடும். பார்க்க வேண்டிய மாற்றம் சத்தத்தில் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை கொதிப்பது மாதிரி கொழகொழவென்ற சத்தம், தண்ணீர் போனதும் சடசடவென்று பொரியும் சத்தம். அது வந்தவுடன் தீயை நடுத்தரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், அதற்கப்புறம் நிறம் வேகமாக மாறும். வாணலிக்கு அரை மணி நேரத்துக்குள் பொன்னிறம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் அண்டாவிலேயே போட்டிருந்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் இந்த நிறம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

விழுதை இப்போது போட்டேன், வாணலிக்கு 180 கிராம். சிறிய அளவில் இரண்டு நிமிடத்தில் போகும் பச்சை வாசனை இங்கே ஆறேழு நிமிடம் எடுக்கும். விழுது அடியில் ஒட்ட ஆரம்பித்தால் பயந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, தக்காளியில் ஒரு கைப்பிடி போட்டுச் சுரண்டினால் போதும். மூக்கை நம்பலாம், ஆனால் புகைக்குப் பக்கத்திலேயே நின்றவருடைய மூக்கை நம்ப முடியாது. அரை மணி நேரமாக அங்கேயே நிற்பவருக்கு எந்த வாசனையும் தெரியாது. வெளியே இருந்து ஒருவரைக் கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள். பெரியம்மாவைத்தான் கூப்பிட்டேன். "இன்னும் பச்சை அடிக்குது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனார், இன்னும் இரண்டு நிமிடம் வதக்கினேன்.

தக்காளி போட்டு, கரைந்து, கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்கும் வரைக்கும் விட்டேன். இரண்டு வாணலியையும் வெறும் அண்டாவில் கவிழ்த்து, பெரிய தராசின் மேல் ஒரு பலகை போட்டு அதன் மேல் அண்டாவை வைத்தேன். பலகை எதற்கென்றால் சூட்டில் தராசின் தட்டு உருகாமல் இருக்க. அண்டாவின் எடை போக 2 கிலோ 650 இருந்தது. கண்ணுக்கு முழுக்க வதங்கிய மாதிரிதான் தெரிந்தது, ஆனால் 350 கிராம் தண்ணீர் இன்னும் உள்ளே. திரும்ப அடுப்பில் ஏற்றி, பத்து நிமிடத்துக்கு மேல் கிளறிய பிறகு 2 கிலோ 300-ஐத் தொட்டது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் மசாலா செங்கல் நிறத்திலிருந்து அடர்ந்த பழுப்புக்கு மாறியது, எண்ணெய் தெளிவாகப் பிரிந்தது.

தூள் வகைகளை எடை போட்ட பிறகுதான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு குழம்பும். கிலோவுக்கு மிளகாய்த் தூள் 15 கிராம், மல்லித் தூள் 20 கிராம், மஞ்சள் தூள் 3 கிராம் என்பது என் அளவு. ஆறு கிலோவுக்கு மிளகாயை மட்டும் 90-க்குப் பதில் 75 போட்டு ஆரம்பித்தேன், கடைசியில் 10 கிராம் எண்ணெயில் கரைத்துச் சேர்த்தேன். காரத்தை ஏற்றலாம், இறக்க முடியாது. பட்டை, கிராம்பு, ஏலக்காயை நேராகப் பெருக்கவே கூடாது. பெரிய அளவில் அவை கூடுதல் நேரம் எண்ணெயிலும் குழம்பிலும் கிடப்பதால் ருசி முழுசாக இறங்கும், ஆறு மடங்குக்குப் பதில் நாலு மடங்கு தாராளம். கிராம்பு கூடிப்போனால் குழம்பே மருந்து வாசனை அடிக்கும்.

தண்ணீரிலும் அதே கவனம் வேண்டும். ஒரு கிலோவுக்கு 200 மில்லி விடுகிறோமே என்று ஆறு கிலோவுக்கு 1200 ஊற்றினால், கோழியே விடும் தண்ணீரோடு சேர்ந்து ரசமாகிவிடும். மூடி வேகும் பெரிய அண்டாவில் ஆவி போவது குறைவு. 500 மில்லி சுடுதண்ணீரில் ஆரம்பித்தேன், அதுவே போதுமாக இருந்தது. ஐஸில் இருந்து எடுத்த கறி என்றால் அதுவும் வேண்டியிருக்காது.

உப்புக்கு நான் கறியின் எடையைப் பார்ப்பதில்லை, அண்டாவில் உள்ள மொத்த எடையைப் பார்க்கிறேன். கோழி 6 கிலோ, மசாலா 2 கிலோ 300, தண்ணீர் அரை கிலோ, ஆக 8 கிலோ 800. நூற்றுக்கு ஒன்று என்றால் 88 கிராம். வெங்காயத்தில் தூவியதையும் சேர்த்து 75 வரைக்கும் போட்டு, கறி வெந்த பிறகு ருசி பார்த்து மீதியைச் சேர்த்தேன். குழம்பு சூடாக இருக்கும்போது உப்பு கொஞ்சம் குறைவாகத் தெரிவது மாதிரி இருக்கும், அதனால் ஒரு கரண்டி எடுத்து ஆறவிட்டு ருசி பார்ப்பது நல்லது.

தராசு இல்லாதவர்களுக்கும் இது ஓரளவு நடக்கும். வெங்காயம் பொன்னிறமாகாமல் தக்காளி போடக் கூடாது, கரண்டிக் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்கும்வரை அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஆனால் நான் மேலே சொன்ன மாதிரி, கோடு நின்ற பிறகும் 350 கிராம் மிச்சம் இருந்தது. நாலு கிலோவுக்கு மேல் போனால் எடை போடுவதுதான் நம்பிக்கையானது.

நேரம் நெருக்கி, வெங்காயத்தை வதக்காமல் பச்சையாக அரைத்து ஊற்றிவிடலாமா என்று அண்ணி ஒருமுறை கேட்டார். "வேணாம் அண்ணி, கசந்துடும்" என்றேன். வெங்காயத்தைப் பச்சையாக அரைத்து வைத்தால் கசப்பு ஏறும், அதிலும் பெரிய அளவில் அரைத்து அரை மணி நேரம் வைத்திருந்தால் நன்றாகவே தெரியும். அரைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் நாலாக வெட்டிக் கொதிநீரில் துவளும்வரை வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு அரைக்கலாம். எடை குறையும் கணக்கு இதற்கும் பொருந்தும், நேரம்தான் கூடும், ஏனென்றால் அரைத்த விழுதில் தண்ணீர் போக இடைவெளி இல்லை. தெறிக்கும், அடிபிடிக்கும். எனக்குப் பொடியாக நறுக்கி வதக்குவதே சுலபமாகத் தெரிகிறது.

குழம்பு தப்பிப்போனால் திருத்துவதற்கும் இந்தக் கணக்கு உதவுகிறது. புளிப்பு தூக்கலாக இருந்தால் சர்க்கரையைத் தேடாமல், கிலோவுக்கு 50 கிராம் வெங்காயத்தைத் தனியாகப் பொன்னிறமாக வதக்கி, மசித்துச் சேர்த்துப் பாருங்கள். தண்ணியாக இருந்தால் கறியைக் கரண்டியால் எடுத்து வேறு பாத்திரத்தில் வைத்துவிட்டு, குழம்பை மட்டும் அகலமான வாணலிகளில் பிரித்து வற்றவிடுங்கள். கறியோடு சேர்த்து வற்றவிட்டால் குழம்பு கெட்டியாவதற்குள் கறி நாராகிவிடும். விழுதின் பச்சை வாசனை மட்டும் பின்னால் திருத்தக் கஷ்டம். தண்ணீர் சேர்ந்த பிறகு அது வதங்காது, கொதிக்கத்தான் செய்யும்.

வதங்கிய மசாலாவை எடையில் நினைக்கப் பழகியதில் வேறொரு வசதியும் வந்துவிட்டது. ஓய்வான நாளில் இரண்டு கிலோ வெங்காயத்துக்கு மசாலா வதக்கி, நன்றாக ஆறவிட்டு, 400 கிராம் 400 கிராமாகப் பொட்டலம் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். ஒரு பொட்டலம், ஒரு கிலோ கோழி. உருளைக்கிழங்கு, பட்டாணி என்றால் 350 கிராம் போதும். தூள் எதுவும் போடாமல் வைப்பதால் எந்தக் குழம்புக்கும் அது பொருந்தும். ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிட்டால் வாசனை மாறுவதில்லை.

கால் கிலோவுக்குச் செய்பவர்களுக்கு இதெல்லாம் தலைகீழ். ஒருவருக்கோ இருவருக்கோ 250 கிராம் கறி வாங்கினால் விகிதப்படி வெங்காயம் 100 கிராம், எண்ணெய் 20 கிராம். அதை அதே பெரிய வாணலியில் போட்டால் அடியில் அங்கங்கே சிதறிக் கிடக்கும், தண்ணீர் சட்டென்று போய்விடும், கவனிப்பதற்குள் கருகும். வதங்கி முடியும்போது 100 கிராம் மசாலா மிஞ்ச வேண்டிய இடத்தில் 70 கிராம்தான் மிஞ்சும். அதனால் சிறிய வாணலியை எடுங்கள், வெங்காயத்தை 120 கிராமாகவும் தக்காளியை 75 கிராமாகவும் ஏற்றுங்கள், எண்ணெய் 25 கிராமுக்குக் குறைய வேண்டாம், தீயைக் குறைவாக வையுங்கள். விழுது மட்டும் அதே 15 கிராம்.